வெல்ஃபேர் ஆபீஸ் அறையில் சொன்னதும் சொல்லாததும்

சொர்ணத்துக்கு வயிற்றைச் சுருட்டிப் பிடித்த நேரத்தில் டோக்கன் வேறு யாரிடமோ இருந்தது.

பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்த அந்த கார்மெண்ட்ஸ் கம்பெனியில் ஒரு வரிசை மிஷின்கள் சேர்ந்த லைனுக்கு ஒரே ஒரு டோக்கன்தான். அது கையில் இருந்தால்தான் பாத்ரூமுக்குப் போகலாம். போனவள் திரும்பி வரும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டு தைக்க வேண்டும். சொர்ணம் சட்டைக்குக் காலர் வைப்பவள். அவள் எழுந்தால் அவளுடைய மிஷினுக்கு முன்னால் துணி குவியும், அவளுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு வேலை இருக்காது.

அன்று அவள் காத்திருக்கவில்லை. காத்திருக்க முடியவில்லை. டோக்கன் இல்லாமலே ஓடினாள். திரும்பி வந்தபோது சூப்பர்வைசர் நரேஷ் அவளுடைய மிஷின் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தான்.

"ஏனம்மா இது? காலையிலிருந்து எத்தன வாட்டி? வயித்துல புள்ளையா, இல்ல பாத்ரூம்ல யாரானா காத்துன்னு இருக்காங்களா?"

லைன் முழுக்கச் சிரிப்பு. பக்கத்து மிஷின் லட்சுமம்மா மட்டும் சிரிக்கவில்லை. சொர்ணம் தலையைக் குனிந்து ஊசியில் நூலைக் கோத்தாள்.

அவளுக்குப் பெருங்குடலில் புண். ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னார்கள். தொத்து வியாதி இல்லை, மாத்திரை சாப்பிட்டால் அடங்கும். ஆனால் அவ்வப்போது கிளம்பும். கிளம்பினால் ரத்தமும் சீதமுமாகப் போகும். வருகிறது என்று தெரிந்தபிறகு நிற்க நேரம் கொடுக்காது.

இதைச் சொல்லிவிட்டால் என்ன என்று அவளுடைய கணவன் சந்திரன் கேட்டான். சொர்ணத்துக்கு, முன்பு அதே லைனில் தைத்த ரோசம்மாவின் நினைவு வந்தது. கர்ப்பப்பை ஆபரேஷன் என்று ரோசம்மா நரேஷிடம் நம்பிச் சொன்னாள். மறுநாளே கட்டிங் செக்‌ஷன் வரைக்கும் அது பரவியது. தண்ணீர்க் குழாயடியில்கூட அவளை வேறு மாதிரி பார்த்தார்கள். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தவள் தானாகவே வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

"வேலைக்கு இன்னா வேணுமோ அதக் கேக்கறேன். மத்தது எதுக்கு?" என்றாள் சொர்ணம்.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, அவளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் போனாள். அவர் சர்டிபிகேட் தாளை இழுத்து மடமடவென்று இங்கிலீஷில் எழுத ஆரம்பித்தார். சொர்ணம் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், வியாதி பேர எழுதாம குடுக்க முடியுமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா?"

"கம்பெனில அந்தப் பேப்பர் யார் யார் கைக்குப் போவும்னு தெரியாது."

டாக்டர் கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு தாளைக் கிழித்துவிட்டு வேறொன்று எடுத்தார். எழுதி முடித்ததும் அவரே தமிழில் படித்துக் காட்டினார். இவர் நீண்டகால உடல் உபாதைக்கு என்னிடம் சிகிச்சை பெறுகிறார். தொற்று நோய் அல்ல. தையல் வேலை செய்ய உடல் தகுதி உண்டு. தேவைப்படும்போது காத்திருக்காமல் கழிவறைக்குப் போக அனுமதியும், அதற்குப் பக்கத்தில் இருக்கையும் தேவை. மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கப்படும்.

"இதுக்கு மேல கேட்டா எனக்கு போன் பண்ணச் சொல்லு. ஆனா நீ சரின்னு சொன்னாத்தான் நான் பேசுவேன்" என்றார்.

சொர்ணம் அதில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வைத்தாள். திங்கட்கிழமை நரேஷிடம் காட்டாமல், நேராக வெல்ஃபேர் ஆபீசர் வீணாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். வீணா சின்ன வயசுக்காரி, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. படித்துப் பார்த்து, "நான் மட்டும் முடிவு பண்ண முடியாதுக்கா. ப்ரொடக்‌ஷன் மேனேஜர் ஒத்துக்கணும்" என்றாள். குரலில் பயம் இருந்தது. சொர்ணத்துக்கு அது தெரிந்தது.

மத்தியானமே வீணாவின் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் கோதண்டராமன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். வீணா மேஜையோரமும் நரேஷ் சுவரோரமும் நின்றார்கள். சொர்ணத்தை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"உபாதைன்னா என்ன உபாதை?" என்றார் கோதண்டராமன்.

"வேலைக்கு என்ன தேவையோ அது அதுல இருக்கு சார்."

"நான் கேட்டது அது இல்ல. நாளைக்கு இதே மாதிரி பேப்பர் வாங்கின்னு லைன் பூரா வந்து நிக்கும். நெஜமா, பொய்யான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"டாக்டர் கையெழுத்தும் சீலும் இருக்கு சார். சந்தேகம்னா நம்ம ஃபேக்டரி டாக்டர் அவருக்கு போன் பண்ணட்டும். இந்தப் பேப்பர் நெஜமா, எனக்கு இது தேவையான்னு கேக்கட்டும். அதுக்கு நான் சம்மதிக்கிறேன்."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன? உன் அப்பா வயசு எனக்கு."

சொர்ணம் வாய் திறந்தாள். ஒரு வார்த்தைதான். சொன்னால் இந்த அறையை விட்டுப் போய்விடலாம். நரேஷின் முகத்தைப் பார்த்தாள். அவன் கொஞ்சம் முன்னால் குனிந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"மன்னிச்சுக்குங்க சார். அது எனக்கும் டாக்டருக்கும்."

கோதண்டராமனின் முகம் இறுகியது. "சரி. அப்போ ஹெல்பர் வேலைக்குப் போ. நூல் கட் பண்ணு. எத்தன வாட்டி வேணாலும் எழுந்து போ."

"எனக்கு டெய்லர் கிரேடு சார், ஹெல்பர்னா சம்பளம் கொறையும். தைக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லலயே. மிஷின பாத்ரூம் பக்கம் இருக்கற கதவோரம் போட்டா போதும். நான் எழுந்தா அந்த நேரத்துக்கு மாத்தி உக்கார ஒரு ஆள். லீவு போடறவங்களுக்குப் பதிலா உக்கார ஏற்கெனவே ஒருத்தி இருக்காளே, அவளுக்குக் காலர் வெக்கத் தெரியும்."

"ஒரு நாளைக்கு இத்தன சட்டைன்னு இருக்கற டார்கெட்ட யார் சார் குடுக்கறது?" என்று நரேஷ் குறுக்கே பாய்ந்தான்.

அவனுக்குப் பதில் சொல்ல சொர்ணம் திரும்பிய அந்த நொடியில் அடிவயிற்றில் கத்தி சுழன்றது. வேர்த்தது. இப்போது வேண்டாம், இப்போது மட்டும் வேண்டாம் என்று பல்லைக் கடித்தாள். அது கேட்கவில்லை.

"சார், நான் போயிட்டு வந்துடறேன்."

"மொதல்ல பதில் சொல்லு."

"வந்து சொல்றேன்."

"இப்ப வெளிய போனா…" என்று கோதண்டராமன் தொடங்கினார். முழுதும் கேட்க அவள் அங்கே இல்லை. முதுகுக்குப் பின்னால் கதவு அடித்துக்கொண்ட சத்தம் மட்டும் கேட்டது.

பாத்ரூமில் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். வேலை போய்விட்டது என்றே நினைத்தாள். சந்திரனிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டாள். பிறகு முகத்தைக் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டு, திரும்பி நடந்தாள். அறைக்குத் திரும்பாமலே லைனுக்குப் போய்விடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. கால் அந்த அறைக்குத்தான் போனது.

உள்ளே வீணா நின்றுகொண்டு பேசிக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது.

"…இப்ப நீங்களே பாத்தீங்க சார். இந்த பேப்பர நாம வாங்கிட்டோம். வாங்கினதுக்கப்புறம் லைன்ல அவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா பதில் சொல்ல வேண்டியது நாமதான். வியாதி பேரு தெரிஞ்சாலும் நாம செய்யப்போறது இதேதானே சார்?"

கோதண்டராமன் சொர்ணத்தைப் பார்த்தார். வெளுத்திருந்த உதட்டையும் நனைந்த முடியையும் பார்த்தார். அப்புறம் மேஜையைப் பார்த்தார்.

"உக்காரும்மா" என்றார்.

ஃபேக்டரி டாக்டர் போன் செய்து உறுதிப்படுத்தினால், ஒரு மாதம் சோதனைக்கு. அதுதான் அவர் கொடுத்தது. கிரேடு மாறாது. டோக்கன் வேண்டாம். டார்கெட் விழுந்தால் மறுபடி பேச வேண்டும். எழுத்தில் தரும்படி சொர்ணம் கேட்டாள். அவர் முனகினார், ஆனால் வீணா எழுதியதில் கையெழுத்துப் போட்டார். அந்தச் சர்டிபிகேட் தன்னுடைய அலமாரியில்தான் இருக்கும் என்றும், லைனில் 'மேனேஜ்மெண்ட் அனுமதி' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை போகாது என்றும் வீணா நரேஷைப் பார்த்தே சொன்னாள். நரேஷ் "ஆய்த்து மேடம், சரி" என்றான், அவளைப் பார்க்காமல்.

ஃபேக்டரி டாக்டர் போனில் கேட்டு உறுதி செய்ததும், இரண்டு நாளில் மிஷின் கதவோரத்துக்கு வந்தது. ஆனால் லைன் சும்மா இருக்கவில்லை. மேனேஜருக்குச் சொந்தக்காரியாம் என்றாள் ஒருத்தி. யூனியனைப் பற்றி மேனேஜருக்குத் துப்பு சொல்கிறாளாம் என்றாள் இன்னொருத்தி. சாப்பாட்டு நேரத்தில் லட்சுமம்மா டப்பாவைத் திறக்காமலே கேட்டாள்.

"எங்கிட்ட கூடவாடி சொல்லமாட்ட? இத்தன வருஷமா பக்கத்துல உக்காந்து தெச்சோமே."

"உன்மேல நம்பிக்கை இல்லாம இல்லக்கா. எனக்கே அத வாயால சொல்லப் பிடிக்கல."

லட்சுமம்மா எழுந்தாள். டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு கூட்டத்தோடு போய் உட்கார்ந்தாள். கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று சொர்ணத்துக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

அன்று மத்தியானம் வயிறு கிளம்பியது. சொர்ணம் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். மாற்று ஆளுக்குக் கை காட்டினாள். அவள் வந்து உட்கார்ந்தாள். நரேஷ் கடிகாரத்தைப் பார்த்தான், வாயைத் திறந்தான், பிறகு கையிலிருந்த சட்டையைத் திருப்பித் தையலைச் சோதிக்கத் தொடங்கினான்.

முதுகில் அத்தனை கண்களும் இருப்பது தெரிந்தது. சொர்ணம் ஓடவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு நடந்தே போனாள்.