கரையாத மாத்திரை

2003 வைகாசியில் ஒரு காலை, சின்ன காஞ்சிபுரத்தை ஒட்டிய மருந்து ஆலையின் ஆய்வகத்தில் இருந்தவர்கள்: தரக்கட்டுப்பாட்டு அதிகாரி ரேணுகாம்பாள், ஷிப்ட் இன்சார்ஜ் ஸுதர்சன், இரவு ஷிப்ட் முடித்த நான். பி.பார்ம் பாதியில் விட்டவன். மாத்திரை அழுத்தும் மெஷின் ஓட்டுபவன்.

நாங்கள் செய்த மாத்திரை சோதனையில் போதுமான வேகத்தில் கரையவில்லை.

“இவன்தான் கெட்டியா அழுத்திட்டான். இவனை வேலைய விட்டு அனுப்பிட்டு, பாஸாகற வரைக்கும் டெஸ்ட் பண்ணும்மா,” என்றார் ஸுதர்சன்.

“அதுக்குப் பேரு டெஸ்ட்டா சார்?”

ரேணுகாம்பாள் சில மாத்திரைகளைக் கருவியில் வைத்து உடைத்தாள். கெட்டித்தன்மை சரியாகவே இருந்தது.

“கடைசியா வழுக்குப் பொடி போட்டு எவ்ளோ நேரம் கலக்குனீங்க சார்?”

அவர் தலையைச் சொறிந்தார். “நேத்துக் காலைல கருட சேவைம்மா. பெருமாள் இந்த வழியா வந்தார், வாசலுக்கு ஓடிப்போய்ச் சேவிச்சேன். கலக்கற மெஷின் ஓடிண்டே இருந்துது.”

மாத்திரை அச்சில் ஒட்டாமல் இருக்கப் போடும் அந்தப் பொடியை அதிக நேரம் கலந்தால் அது மருந்துத் துகளை மூடிவிடும். தண்ணீர் உள்ளே இறங்காது.

“பெருமாள் மன்னிப்பாரு சார். நோயாளி வயிறு மன்னிக்காது.”

என் வேலை நிலைத்தது. நன்றி என்றேன்.

“மாத்திரைக்குச் சொல்லுபா. அதுதான் உண்மைய சொல்லுச்சு.”

இன்றும் நான் சாப்பிடும் சோற்றுக்கு அவள்தான் காரணம். அந்த மாத்திரைகள் இருந்த டிரம்களை மூவரும் நிராகரிப்பு அறைக்குள் தள்ளினோம். ஸுதர்சன் கடைசியாக வெளியே வந்தார். அவர் பின்னால் கதவைச் சாத்தி, ரேணுகாம்பாள் பூட்டினாள்.