வேறு கிளைகள் இல்லை

"தீபாவளி! தீபாவளி! பொன்னம்பலம் ஜவுளி! புத்தம் புதிய வடிவமைப்புகளில்! தேரடி! சேலை எடுக்க, தேரடி பொன்னம்பலம்!"

அடுக்களையில் மிக்ஸி இரைந்துகொண்டிருந்தது. முன்னறையில் நின்று விசாலம் அண்ணன் கடை விளம்பரத்தைத் தாளைப் பார்த்து வாசித்தாள். மிக்ஸிப் பக்கத்தில் நின்ற மதினி, காதில் விழுந்ததைத் திருப்பிக் கத்த வேண்டும். வருஷா வருஷம் இப்படித்தான்.

"தீபாவளி விழுந்துச்சு! தேரடி விழுந்துச்சு! நடுவுல என்னமோ சொன்னியே, ஒரு மண்ணும் விழல!"

நடுவில் இருந்தது 'புத்தம் புதிய வடிவமைப்புகளில்' என்பது. விசாலம் அதை அடித்துவிட்டு 'புதுசு, எல்லாம் புதுசு' என்று எழுதினாள்.

தெருவில் போகிறவன் நின்று கேட்கமாட்டான். ஸ்பீக்கர் கட்டிய லோடு ஆட்டோ அவனைக் கடந்து போகிற நேரத்தில் இரண்டு வாக்கியம் காதில் விழுந்தால் அதிகம். அந்த இரண்டில் கடையின் பெயரும் இடமும் இருந்தாக வேண்டும். அதனால் பெயர் திரும்பத் திரும்ப வரவேண்டும். வாக்கியம் சின்னதாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பிறகு மூச்சு விடுகிற இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வரும் சொல் அடுத்த சொல்லை மிதித்துவிடும். குழாய் ஸ்பீக்கருக்குத் தாழ்ந்த குரல் ஆகாது. இதெல்லாம் விசாலத்துக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. புருஷன் போனபின் அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தவள், இந்த வீட்டில் தனக்கென்று ஒரு காரியம் இருக்கட்டுமே என்று பிடித்துக்கொண்டது.

அண்ணன் சங்கரபாண்டி சாப்பாட்டுக்கு வந்தார். தாளை வாங்கிப் பார்த்தார்.

"எல்லாம் சரி. முக்கியமானது எங்க?"

"எது அண்ணே?"

"தெரியாத மாதிரி கேக்காத. அவன் புது பஸ் ஸ்டாண்டுல அப்பா பேரைப் போட்டுக் கடை தொறந்துருக்கான்லா? போலிக் கடை, ஏமாறாதீங்கன்னு போடு. மூணு தடவை வரணும்."

அவன் என்றது தம்பி நெல்லையப்பனை. அம்மா போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. விசாலம்தான் சோறு ஊட்டினாள். பாகம் பிரித்துக்கொண்டு போனபின் இதுதான் அவனுக்கு முதல் தீபாவளி. பெண்டாட்டி கோமுவின் நகையை அடகு வைத்துச் சரக்கு எடுத்திருந்தான். இந்தத் தீபாவளி ஓடாவிட்டால் கடை நிற்காது.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் தொண்டை வரை வந்தது. சொன்னபின் இந்த வீட்டில் எந்த மூலையில் உட்கார்வது என்ற நினைப்பும் கூடவே வந்தது.

"போலின்னு சொன்னா அவன் கேஸ் போட்டுருவான் அண்ணே. மரியாதையா எழுதுதேன். கேக்குறவங்களுக்கும் நம்ம மேல ஒரு மதிப்பு வரும்."

"அதுவும் சரிதான்," என்றார் சங்கரபாண்டி.

அன்று சாயங்காலம் அவள் எழுதினாள்: 'எமது தந்தையாரின் திருப்பெயரைத் தாங்கி இந்நகரில் நடத்தப்பெற்று வரும் பிற நிறுவனங்களுக்கும் எங்களுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதையும், எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை என்பதையும் அன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

அவள் இதுவரை எழுதியதிலேயே மோசமான வரி. நீளம், இழுவை, நிற்க ஓர் இடமில்லை. மறுநாள் மிக்ஸியை ஓடவிட்டு வாசித்தபோது மதினி, "என்னட்டி, வாயில கொழுக்கட்டையா?" என்றாள். விசாலத்துக்கு மனசு லேசானது.

ஸ்டுடியோவில் மற்றதையெல்லாம் உரத்து, கூவிச் சொன்னாள். அந்த வரி வந்தபோது குரலைத் தாழ்த்தினாள். மூச்சு விடாமல் ஒரே ஓட்டமாகச் சொன்னாள். அதன் அடியில் நாதஸ்வரம் போடச் சொன்னாள். கதவடைத்த அறையில் எல்லாம் தெளிவாகக் கேட்டது. அண்ணன் கண்ணை மூடித் தலையாட்டினார். "கோயில்ல படிக்கிற மாதிரி இருக்கு," என்றார்.

ஆட்டோ தேரடியைச் சுற்றியது. பஸ் ஹாரன், பைக், கரும்புச்சாறு மெஷின். 'சேலை எடுக்க, தேரடி பொன்னம்பலம்' கல்லைப் போல வந்து விழுந்தது. அந்த வரி வந்தபோது குழாயிலிருந்து ஏதோ முனகல்தான் வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கல்லாவில் இருந்த அண்ணனுக்கு மட்டும் கேட்டது. மனப்பாடமாகத் தெரிந்த சொல் எந்த இரைச்சலிலும் காதில் விழும். அவர் திருப்தியாக இருந்தார். விசாலமும் திருப்தியாகத்தான் இருந்தாள். இரண்டு பேரையும் காப்பாற்றிவிட்டதாக நினைத்தாள். ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

ஆட்டோ ஓட்டுகிற மாரியப்பன் சாவி வாங்க வந்த ஒரு காலையில் வாசலில் நின்று பேச்சுக் கொடுத்தான்.

"யக்கா, உங்க தம்பி வீட்டுல எதும் விசேசமா? கோமு மதினி மொகமே சரியில்ல."

"நீ எங்க பாத்தே?"

"தெனம் மத்தியானம் அவிய வீட்டுச் சந்து வேப்பமரத்தடியிலதான சோத்துப் போணியத் தொறக்கேன். இந்த ஊர்ல நெழலு வேற எங்க இருக்கு? தண்ணி கொண்டாந்து தருவாவ. ரெண்டு நாளா சன்னல் வழியாப் பாக்காவ, கதவத் தொறக்கல."

"ஸ்பீக்கர அமத்திட்டுத்தான சாப்பிடுவ?"

"மொதலாளி அமத்தக் கூடாதுன்னுட்டாருல்லா. சத்தத்தக் கொறச்சு ஓடவிட்டுருவேன். அங்க என்ன இரைச்சலா கெடக்கு? மெதுவா வச்சாலே ஒவ்வொரு சொல்லும் மணி மாதிரி கேக்கு."

விசாலம் செருப்பை மாட்டிக்கொண்டு அப்படியே தம்பி வீட்டுக்கு நடந்தாள். வழி நெடுக, அவனிடம் சொல்ல வேண்டியதைச் சின்னச் சின்ன வாக்கியமாக நறுக்கிக்கொண்டே போனாள்.

நெல்லையப்பன் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"வா அக்கா. உக்காரு."

"தம்பி, அந்த வரி... யாருக்கும் கேக்கக் கூடாதுன்னுதாம்ல அப்படி எழுதினேன். பஜார்ல ஒருத்தருக்கும் புரியாது. நீயே போய் நின்னு கேளு. வேணும்னே இழுத்தேன். வேணும்னே தாழ்த்திச் சொன்னேன்."

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"தெரியும் அக்கா. பஜார்ல நானும் கேட்டேன். ஒண்ணும் புரியல."

"அப்பொறம் என்னல?"

"அண்ணன் சொல்லச் சொல்லிருப்பாருன்னு தெரியாதா எனக்கு? ஊருக்குக் கேக்குற மாதிரி கத்திச் சொல்லிருந்தா, வேவாரம், போவட்டும்னு விட்டுருப்பேன். நீ மெதுவாச் சொல்லிட்டே. எவ்விதத் தொடர்பும் இல்லைன்னு. சின்னப்புள்ளையில கத சொல்லுவேல்லா, அதே கொரலு. மத்தியானம் சோத்துல கைய வச்சுக்கிட்டு இருக்கேன். சன்னலுக்கு வெளிய நின்னு எங்கிட்ட மட்டும் சொன்ன மாதிரி இருந்துச்சு."

"உன்னக் காப்பாத்தத்தான்..."

"என்னயவா?" என்றான். கோபமில்லாமல்தான் கேட்டான். "காப்பாத்துதவ, சொல்லவே மாட்டேன்னு சொல்லிருக்கலாம்லா அக்கா."

அவள் நறுக்கி வைத்திருந்த வாக்கியம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அன்றைக்குத் தொண்டை வரை வந்த 'முடியாது' என்ற சொல்லைச் சொல்லாமல் இருக்கத்தான் இத்தனை சாமர்த்தியமும் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. அதை இவன் முன்பே தெரிந்துகொண்டுவிட்டான் என்பதும் தெரிந்தது.

"அண்ணங்கிட்டச் சொல்லி இன்னைக்கே எடுக்கச் சொல்லுதேன்."

"வேண்டாம். அங்கதான நீ இருக்கணும்." அவன் சாவியை எடுத்தான். "காப்பி குடிச்சுட்டுப் போ."

அவன் போனபின் கோமு உள்ளிருந்து வந்தாள். விசாலம் இந்த வீட்டில் எப்போதும் நேராக அடுக்களைக்குப் போய்த் தானே ஊற்றிக் குடிப்பவள். இன்று கோமு எவர்சில்வர் தட்டில் டம்ளரை வைத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நாற்காலிக்கு முன்னால் கொண்டுவந்து நீட்டினாள்.

"எடுத்துக்கோங்க மதினி," என்றாள்.

விசாலம் எடுத்துக்கொண்டாள்.