வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து அரட்டை

யாருடைய மகளோ ஓவியப் போட்டியில் இருக்கிறாள், ஓட்டுப் போடுங்கள் என்று வந்த இணைப்பைக் காலையில் கோமதி தொட்டாள். அது காட்டிய எட்டு எழுத்துகளைத் தன் வாட்ஸ்அப்பில் அடித்தாள். மதியத்துக்குள் அவள் பெயரில் அதே இணைப்பு பலருக்கும் போயிருந்தது. பால் சங்கத்து ஆள் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலைத் திறந்தாள். அவர்கள் வீட்டில் கணினியே கிடையாது. ஆனால் அங்கே ஒரு விண்டோஸ் கணினி, கடைசியாகப் பன்னிரண்டு மணிக்கு இயங்கியதாகக் காட்டியது. அதைத் தொட்டு வெளியேற்றினாள்.

"சுப்பாத்தா வேலயாத்தான் இருக்கும் புள்ள" என்றார் கணவர் மோகனசுந்தரம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துச் சுப்பாத்தாளோடு தண்ணீர் முறைக்காக நடந்த சண்டைக்குப் பிறகு எது நடந்தாலும் அவருக்கு அந்த வீடுதான்.

"ஏனுங்க, அவங்களுக்குக் கம்ப்யூட்டரத் தொறக்கத் தெரியுமாங்க?"

"மவன உட்டுச் செஞ்சிருப்பா."

கோமதிக்கும் சந்தேகம் போகவில்லை. ஒவ்வொரு அரட்டையாகப் பார்த்தாள். தான் எழுதாததை அழித்து, "அது நானில்லீங்க, தொறக்காதீங்க" என்று எழுதினாள். அவள் அட்மினாக இருக்கும் பால் சங்கக் குழுவில் புதிய அட்மின் யாரும் இல்லை. உள்ளே புகுந்தவன் அனுப்பியதைத் தன் பக்கம் அழித்திருந்தால் தன் போனிலும் தெரியாதே என்று சிலரைக் கூப்பிட்டும் கேட்டாள்.

ஒதுக்கிவைத்த அரட்டைகள் கிடக்கும் காப்பகம் மட்டும் மிச்சம். சண்டைக்குப் பிறகு சுப்பாத்தாளை அதற்குள் தள்ளியவள் அவள்தான். அதன் பக்கத்தில் படிக்காத செய்தி என்று எந்த எண்ணும் இல்லை. இருந்தாலும் திறந்தாள்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா?" இது அவள் எழுதியதல்ல. கீழே இணைப்பு. அதற்கும் கீழே சுப்பாத்தாளின் பதில்: "எம்புட்டு நாளாச்சு கண்ணு. பால் ஊத்திட்டு வந்து ஓட்டுப் போடறேன்." அவன் அதைப் படித்துவிட்டிருந்தான். அதனால்தான் எண் காட்டவில்லை.

மணி ஐந்தாகப் போகிறது. பால் ஊற்றியிருப்பாள். அதே கணக்கிலிருந்து 'திறக்காதே' என்று எழுதினால் நம்புவாளா? போன் செய்தாள், எடுக்கவில்லை. வாய்க்காலைத் தாண்டி நடந்தாள்.

சுப்பாத்தாள் காலிக் கேனோடு வாசலில் நின்றாள். "வா கண்ணு."

"அக்கா, அந்த லிங்க்கத் தொறந்தீங்களா?"

"இனிமேத்தான்."

"தொறக்காதீங்க. அது நான் எழுதுனதில்லீங்க. எவனோ என்ற போனுக்குள்ள பூந்துட்டான்."

சுப்பாத்தாளின் முகம் சுருங்கியது. "நல்லா இருக்கீங்களான்னு கேட்டதும் அவந்தானா?"

"ஆமாங்க்கா."

"இப்ப வந்து நிக்கறது நீதானா? இல்ல உன்ற ஊட்டுக்காரன் வேவு பாக்க அனுப்புனானா?"

"குடுங்க, உங்க போனயும் பாத்துடறேன்."

"நீ ஒண்ணும் தொட வேண்டாம். சொல்லு, நானே பாக்கறேன்." கைபேசியை மார்போடு அணைத்துக்கொண்டு, கோமதி சொன்னபடி ஒவ்வொன்றாகத் தொட்டாள். பட்டியலில் ஒரு சாதனமும் இல்லை.

"சரி, அவன் எழுதுனதப் பூரா அழிச்சுப் போடறேன்."

"லிங்க்க மட்டும் அழிங்க்கா" என்றாள் கோமதி.