எட்டும் நாலும்

வரித்துறை நோட்டீசுக்குப் பதில் தர அன்றுதான் கடைசி நாள். சைக்கிள் கடைக்காரர் தானே தட்டச்சு செய்த கடிதத்தைத் தன் மச்சினியிடம் நீட்டினார். அவள் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். நோட்டீசைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் படித்தாள்.

குறிப்பு எண் சரியாக இருந்தது. காலம்தான் சரியில்லை.

"அவங்க கேட்டது ஜனவரியிலேருந்து மார்ச் வரைக்கும்தான். நீங்க வருஷம் முழுக்கன்னு எழுதியிருக்கீங்க மாமா. கேக்காததுக்கெல்லாம் ஏன் பதில் சொல்றீங்க?"

அதைத் திருத்தியவளின் பேனா அடுத்த பத்தியில் நின்றது.

"விற்பனையில வித்தியாசம் 84,600ன்னு நோட்டீஸ் சொல்லுது. நீங்க 48,600க்குத்தான் காரணம் சொல்லியிருக்கீங்க. மீதி முப்பத்தாறாயிரம் எங்க?"

அவர் முகம் வெளிறியது. "எல்லாமே திரும்பி வந்த சைக்கிள்தாம்மா."

சரக்கு திரும்பியதற்கான சீட்டுகளை இருவரும் கூட்டினார்கள். இரண்டு முறை கூட்டியும் 84,600தான் வந்தது. தட்டச்சில் எட்டும் நாலும் இடம் மாறியிருந்தன, அவ்வளவுதான். அவர் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார்.

கடைசி வரிக்கு வந்ததும் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"'என்றும் அன்புடன்'னா? அக்காவுக்கா எழுதுறீங்க?"

"மரியாதையா இருக்கட்டுமேன்னுதான்..."

"'தங்கள் உண்மையுள்ள'ன்னு போடுங்க. கீழ கையெழுத்து, பேர், பதிவு எண், தேதி."

நாலு மணிக்குக் கடிதமும் சீட்டுகளும் இணையத்தில் ஏறின. ஒப்புகை எண் வந்ததும் அவர் அதை உரக்கப் படித்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.