பெயர்கள் ஓடும் நேரம்

யாழ்ப்பாணத்துச் சனத்துக்குத் திரையில் முதல் பெயர் ஓடினால் போதும், வீடு நெருப்புப் பிடித்ததுபோல எழும்பி ஓடும். மானிப்பாய் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும், நெரிசலுக்குள் மோட்டார் சைக்கிளை எடுக்கவேண்டும். அன்றைய காலைக்காட்சியிலும் அதுதான் நடந்தது. நாயகன் 'இரும்புச் சிறகன்' கடலில் விழுந்து செத்தான், பெயர்கள் தொடங்கின, அரங்கு காலி. உடுவிலிலிருந்து வந்த வினோஜா மட்டும் கொப்பியும் பேனையுமாகப் பின்வரிசையில் இருந்தாள்.

அவளுக்கு வேலையே இனித்தான். கொழும்புத் தமிழ் இணைய இதழொன்றின் சினிமாப் பகுதியில் ஒரே ஒரு இடம் காலி. மூன்று பேருக்குப் பரீட்சை. பெயர்களுக்கு நடுவில் வரும் துண்டுக்காட்சி அடுத்து எந்தக் கதைக்கு வழி விடுகிறது என்று நாலு மணிக்குள் எழுதி அனுப்பவேண்டும். கிடைக்காவிட்டால் சித்தப்பாவின் புடவைக்கடையில் பில் போடவேண்டும்.

திடீரென்று திரை இருண்டு, விளக்குகள் எரிந்தன. ஐயோ! வினோஜா படியேறிப் படம் ஓட்டும் அறைக்கு ஓடினாள்.

"அண்ணை, ஏன் நிப்பாட்டினீங்கள்? படம் முடியேல்லை!"

படம் ஓட்டும் சண்முகநாதன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன கதை பிள்ளை? ஆள் செத்திட்டான். இனி வெறும் பேர்தானே. கூட்டவேணும், அடுத்த காட்சி கிடக்கு."

"பேருக்கு நடுவிலை ஒரு காட்சி இருக்கு. கடைசியிலை இன்னொண்டும்."

"பத்து வருசமா நான் உதிலைதான் வெட்டுறன்!" மனிதர் வாய் பிளந்து நின்றார். பிறகு கூட்டுகிறவர்களைக் கீழே கூட்டச் சொல்லிவிட்டு, நிறுத்திய இடத்திலிருந்து ஓடவிட்டார். பத்து வருசமாய் எதை வெட்டினோம் என்று பார்க்காமல் இனி அவருக்குச் சோறு இறங்காது.

சோடித்த பெரிய எழுத்துகள் முடிந்ததும் காட்சி வந்தது. விடிகாலைக் கடற்கரை. கரையொதுங்கிய இரும்புச் சிறகை ஒரு பெண்ணின் கை எடுக்கிறது. விரலில் பச்சைக்கல் மோதிரம். முகம் இல்லை, பேச்சு இல்லை. அவ்வளவுதான்.

"சிறகன்ரை பெண்சாதி! அப்ப ஆள் உயிரோடை வரப்போறான்," என்றார் சண்முகநாதன்.

"ஊரெல்லாம் அதைத்தான் சொல்லுது அண்ணை. ஆனா முகத்தை மறைச்சிட்டு மோதிரத்தைக் கிட்டக் காட்டினா, அதைத்தான் பார் எண்டு அர்த்தம். பெண்சாதியின்ரை கையிலை படம் முழுக்க மோதிரமே இல்லை. பின்னாலை ஓடுற இசையும் சிறகன்ரை இல்லை. எங்கையோ கேட்டிருக்கிறன்."

"இன்னொருக்காப் போடுறன்."

போட்டார். கேட்டதும் துள்ளினார். "உது இரண்டு வருசத்துக்கு முதல் வந்த படத்திலை, மறியல்லை பூட்டிக் கிடந்த சூனியக்காரி வரேக்குள்ளை அடிக்கிற இசை! நாளுக்கு நாலு தரம், மூண்டு கிழமை கேட்டனான். சாகும்வரை மறக்கமாட்டன்."

வினோஜா அதைக் கொப்பியில் குறித்தாள். ஆனாலும் இசையை மட்டும் நம்பி எழுத மனம் வரவில்லை. சின்ன எழுத்துப் பெயர்கள் மேலே ஏறத் தொடங்கின. அவள் அறையின் கண்ணாடி ஜன்னலோடு மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். எல்லாம் ஓடி முடிந்தபின் கடைசிக் காட்சி வந்தது: படத்தின் நடுவில் பணிஸ் வாங்கப் போன சிறகனின் தோழன் இன்னமும் வெதுப்பகத்தில் காத்திருக்கிறான். வெறும் பகிடி. சண்முகநாதன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பெரும்பாலும் உப்பிடித்தான் அண்ணை. நடுவிலை அடுத்த கதை, கடைசியிலை பகிடி. எண்டாலும் இரண்டையும் பாக்கவேணும், சிலநேரம் மாறி வைப்பாங்கள்."

"நாயகன் திரும்பி வருவான் எண்டு எழுத்துப் போடுவாங்கள் எண்டு என்ரை மகன் சொல்லுறவன். அது வரேல்லையே?"

"வரேல்லை. அதையும் எழுதவேணும்."

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்க அனுப்பினாள். அரை மணி கழித்து இதழாசிரியர் லெனாட் அழைத்தார்; குரலில் எரிச்சல் இருந்தது.

"உலகமே நாயகன் வாறான் எண்டுது. நீர் மட்டும் சிறகு பழைய சூனியக்காரியின்ரை கைக்குப் போகுது, அடுத்த கதை அவளோடை சண்டை எண்டுறீர். பிழையாப் போனா எங்களைக் கிழிச்சுப்போடுவாங்கள்."

மாற்றி எழுதுகிறேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும், வேலை கிடைத்துவிடும்போல இருந்தது.

"பிழையாப் போகலாம் சேர். இப்பிடிக் காட்டிப்போட்டுப் பிறகு கதையையே கைவிட்டதும் உண்டு. அதுதான் திரையிலை கண்டதைத் தனியாவும், என்ரை ஊகத்தைத் தனியாவும் எழுதினனான். மாத்தமாட்டன்."

"மற்ற இரண்டு பேரும் பெண்சாதி எண்டுதான் எழுதினவை. கை சூனியக்காரியா நடிச்ச அந்த நடிகையின்ரைதான் எண்டு எப்பிடித் துணிஞ்சு சொல்லுறீர்?"

"நடிகர் பட்டியல்லை அவவின்ரை பேர் கிடந்தது சேர். படத்திலை ஒரு இடத்திலும் அவவின்ரை முகம் வரேல்லை."

"அத்தனை பேருக்குள்ளை எங்கை கண்டனீர்?"

"எல்லாப் பேரையும் வாசிச்சனான்."

"ஏழு நிமிசமும்?"

"ஓம் சேர்."

"நான் நடுக்காட்சியோடை எழும்பி வந்திட்டன்," என்றார் லெனாட். "திங்கக்கிழமை வேலைக்கு வாரும்."