சுவரை அழித்த பிறகு

மாலை நான்கு மணிவரை பிரிவு மாற்றிக்கொள்ளலாம் என்று பொறியியல் கல்லூரி அலுவலக வாசலில் ஒட்டியிருந்தார்கள். மெக்கானிக்கலில் சேர்ந்திருந்த முதலாமாண்டுப் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்தத் தாளைப் பார்த்தபடிதான் வகுப்புக்குள் நுழைந்தார்கள். மீதிப்பேர் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். பெஞ்சுகள் காலியானால் துறையை வேறொரு துறையோடு சேர்த்துவிடுவார்கள். அப்படிச் சேர்த்தால் முதலில் வேலை இழப்பது கடைசியாகச் சேர்ந்த ஆசிரியர். கடைசியாகச் சேர்ந்தவர் வினோதா.

அவளுக்குக் கொடுத்திருந்தது பத்து நிமிடம். "புதுப் பசங்களுக்கு ஆர்வம் வர்ற மாதிரி ஏதாவது பேசுங்க. ரோபோ கீபோன்னு," என்றார் முதல்வர் பாக்கியராஜ். சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்காரவும் செய்தார். கால் மடக்க இடமில்லை, மடக்காமலே உட்கார்ந்தார்.

வினோதாவிடம் ரோபோ எதுவும் இல்லை. வராந்தாவில் துறையின் பெயர்ப்பலகை இருந்தது. கதவை மாட்டுவதுபோலச் சுவரில் கீலால் பொருத்திய ஒரு படுக்கைக் கம்பி, அதன் நுனியில் பலகை, அதே நுனியிலிருந்து சாய்வாக மேலே சுவருக்குப் போகும் ஒரு ஒயர். அதையே வரையச் சொன்னாள்.

வரைந்தார்கள். பழவேற்காட்டிலிருந்து வந்த குப்பன் சுவர், செங்கல், ஆணி, பலகைமேல் ஒரு காக்கா வரை வரைந்திருந்தான்.

"காக்கா எதுக்குப்பா?"

"டெய்லி குந்திக்கினு இருக்குது மேடம்."

"நல்லா கீது. இப்போ காக்கா, செங்கல், செவுரு எல்லாத்தையும் அழி. கம்பி மட்டும் இருக்கட்டும்."

"செவுத்தயே அழிச்சா கம்பி கீழ உழுந்துடாதா?" என்றான் குப்பன். வகுப்பு சிரித்தது. முதல்வர் சிரிக்கவில்லை, முதல்வர்கள் சிரிப்பதற்கு முன் காரணம் கேட்பார்கள்.

"அதான் விஷயம்," என்றாள் வினோதா. "கம்பியத் தனியா பிரிச்சிடணும். ஆனா எதைக் கழட்டுறோமோ, அது கம்பிய என்ன பண்ணிக்கினு இருந்துச்சோ, அதை அந்த இடத்துல ஒரு அம்பா போட்டுடணும். கம்பி செவுத்த என்ன பண்ணுதுன்றது இங்க வேணாம். கம்பிக்கு என்ன நடக்குதோ அது மட்டும். இதுக்குப் பேருதான் ஃப்ரீ பாடி டயகிராம். இது சரியா வந்துடுச்சின்னா ஸ்டேட்டிக்ஸ்ல, அதான் அசையாம நிக்கிற பொருளோட கணக்குல, பாதி முடிஞ்சிச்சு. மீதி கூட்டல் கழித்தல்தான்."

கரும்பலகையில் ஒரு கோடு இழுத்தாள். நுனியில் கீழ்நோக்கி ஓர் அம்பு, பலகையின் எடை. அதே நுனியில் சாய்வாக மேலே இன்னோர் அம்பு, ஒயரின் இழுவிசை. கம்பியின் எடை சொற்பம், விட்டுவிடலாம் என்றாள். ஒயருக்கும் கம்பிக்கும் முப்பது பாகை. இழுவிசையில் மேல்நோக்கிய பங்கு பாதிதான். அந்தப் பாதி எடையைத் தாங்கவேண்டும் என்றால் ஒயரின் இழுவிசை எடையைப்போல இரண்டு மடங்கு.

"டபுளா?" என்றான் குப்பன். "இத்தூண்டு பலகைக்கா?" உண்மையிலேயே கோபப்பட்டவன் போலக் கேட்டான். ஆர்வம் என்பது சில முகங்களில் அப்படித்தான் இருக்கும்.

வினோதாவுக்குத் தெம்பு வந்தது. சாக்பீஸை வைக்கப் போனாள். அப்போது முன்பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது. ஆரம்பாக்கம் சுமலதா. அவள் பையிலிருந்து பிரிவு மாற்றும் விண்ணப்பம் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை வினோதா காலையிலேயே பார்த்திருந்தாள்.

"மேடம், மேல கீழ சரியா பூடுச்சி. ஆனா ஒயரு சாய்வா இழுக்குதில்ல, அது கம்பிய செவுத்துப் பக்கமாவும் இழுக்கும். அதைத் தடுக்க படத்துல ஒண்ணுமே இல்லியே. கம்பி செவுத்துக்குள்ள பூந்துடாதா?"

வினோதா படத்தைப் பார்த்தாள். பலகையைக் கழற்றினாள், ஓர் அம்பு போட்டாள். ஒயரைக் கழற்றினாள், ஓர் அம்பு போட்டாள். சுவரைக் கழற்றியவள், சும்மா கழற்றிவிட்டாள். கீலில் ஒன்றும் இல்லை.

கடைசி பெஞ்சில் பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"பூந்துடும்," என்றாள். "நான் தப்பா போட்டுட்டேன். செவுத்த அழிச்சேன், செவுரு தள்ளினதை மறந்துட்டேன்." கீலின் இடத்தில், சுவரிலிருந்து வெளிப்பக்கமாக ஓர் அம்பு வரைந்தாள். "மூணு கழட்டினா மூணு அம்பு இருக்கணும். கணக்குக்குப் போறதுக்கு முன்னாடியே படம் என்னை மாட்டிவிட்டுடுச்சி, பாத்தியா?"

"படம் எங்க மாட்டிவுட்டுது? சுமலதா தான் மாட்டிவுட்டா," என்றான் குப்பன்.

மணி அடித்தது. முதல்வர் வாசலில் நின்றார்.

"அந்தத் தப்பு... வேணும்னேதான விட்டீங்க? நல்ல டெக்னிக். ரிப்போர்ட்ல எழுதுறேன்."

ஆமாம் என்றால் போதும். வினோதாவுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"இல்ல சார். நெஜமாவே மறந்துட்டேன்."

அவர் பேனாவைப் பார்த்தார். எழுதியதை அடிக்கவில்லை, மேற்கொண்டு எழுதவும் இல்லை. "வெளிய சொல்லிக்காதீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான்கு மணிக்கு அவள் வராந்தாவுக்கு வந்தபோது பலகையின் கீழே ஐந்தாறு பேர் அண்ணாந்து நின்றிருந்தார்கள். ஒயரைச் சுவரில் இன்னும் தாழ்வாகக் கட்டினால் அறுந்துபோகுமா என்று குப்பனுக்கும் சுமலதாவுக்கும் சண்டை. சாய்வு குறையக் குறைய இழுவிசை ஏறும் என்று சுமலதா வரைந்து காட்டிக்கொண்டிருந்தாள். எழுதத் தாள் கிடைக்காமல் விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் வரைந்திருந்தாள். சுவர் இல்லை, கீலில் அம்பு இருந்தது.

எதிரில் அலுவலக ஜன்னலை உள்ளிருந்து இழுத்துச் சாத்தினார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. காக்கா மட்டும் பலகையிலிருந்து பறந்தது.