ஆறாவது துளை

வாங்குபவரிடமிருந்து படங்கள் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தன. இந்த முறை ஒரே வரி: "தோல் மாதிரியே இல்லை."

பர்ஸும் பெல்ட்டும் இன்னும் தைக்கப்படவே இல்லை. படத்தைப் பார்த்துப் பிடித்தால்தான் ஆர்டர். அதனால் பட்டறையின் மாடியறையில் உட்கார்ந்து, இல்லாத பொருளை இருப்பதுபோல் கணினியில் உருவாக்குவது அவள் வேலை. பத்து வருஷமாகச் செய்கிறாள். கணவன் இறந்த பிறகு வந்த ஏழு மாதங்களில்தான் இப்படித் தடுமாறுகிறாள்.

நாத்தனார் படியேறி வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். கீழே பட்டறையில், வெட்டிய தோலின் விளிம்புகளுக்கு எட்ஜ் பெயிண்ட் என்கிற சாயம் பூசுகிறவள். விரல் நுனிகள் எப்போதும் காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும்.

"அண்ணி, உங்க மாட்டை ஒரே கொசு மூணு இடத்துல கடிச்சிருக்கு பாருங்க."

உண்மைதான். சின்ன வடு ஒன்று பர்ஸின் மேல்பக்கத்தில் மூன்று இடங்களில் அச்சாக இருந்தது. ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டியதால் வந்த வினை.

"தையல்?"

"மெஷினே வெக்கப்படும். நூல் தோலுக்குள்ள இறங்கி உட்காரணும், ரெண்டு பக்கமும் கொஞ்சம் உப்பணும். இது கோலப்பொடியில கோடு போட்ட மாதிரி மேலயே கெடக்கு. விளிம்பும் அப்படித்தான். நான் ஒரு தடவை பூசி, காயவிட்டு, தேய்ச்சு, திரும்ப ரெண்டு தடவை பூசுறேன். உருண்டு வரும். நீங்க பேனாவால கோடு இழுத்துட்டீங்க."

"பக்கிள் மட்டும் நல்லாருக்கா?"

"அதுல எதிர்ல இருக்கிற ஜன்னல் தெரியணும்ல? ஒண்ணுமே தெரியலையே. இருட்டு ரூம்ல பளபளக்குது. பேய் வீட்டு பக்கிள்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததும் குற்றம் செய்தவள்போல் உதட்டை மூடிக்கொண்டாள்.

மற்றதையெல்லாம் திருத்திவிடலாம். தோலின் மேற்பரப்புதான் சிக்கல். பட்டறையில் அப்போது இருந்ததெல்லாம் அச்சுத் தோல். இயற்கையான மேற்பரப்பைச் சுரண்டிவிட்டு, இயந்திரத் தகட்டால் கோலம் அழுத்தியது. அதைப் படம் பிடித்தாலும் அதே கொசு திரும்பத் திரும்பக் கடிக்கும். சுரண்டாத அசல் தோல் வேண்டும். உழைத்த தோலாக இருந்தால் இன்னும் நல்லது.

"அவரோட பர்ஸும் பெல்ட்டும் வீட்ல இருக்கு. அசல் தோல்தானே. நீதானே விளிம்பு பூசிக் குடுத்தே," என்றாள்.

நாத்தனார் விரலிலிருந்த காய்ந்த சாயத்தை நகத்தால் உரித்தாள்.

"பர்ஸ் எடுத்துட்டு வாங்க. பெல்ட் எதுக்கு? அது பழசு, பார்க்க நல்லா இருக்காது."

"பழசுதான் வேணும்."

"பர்ஸே போதும் அண்ணி."

மறுநாள் அவள் இரண்டையும் கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையிலேயே இருந்தன; அவள் அதை இதுவரை பிரிக்கவில்லை. பிரிக்காதவரை அவன் உடை மாற்றப் போயிருக்கிறான் என்றே மனத்தின் ஒரு மூலை நம்பிக்கொண்டிருந்தது. இப்போது வேலைக்காகப் பிரித்தாள்.

பர்ஸைப் படம் பிடித்து முடித்தாள். விளக்கைப் பக்கவாட்டில், மேசையோடு ஒட்டித் தாழ்த்தி வைத்தால் ஒவ்வொரு நுண்துளைக்கும் ஒரு நிழல் விழும். மடிப்பில் துளைகள் இழுபட்டு அகன்றிருந்தன, ஓரத்தில் நெருங்கிக் கிடந்தன. எந்த இரண்டு இடமும் ஒன்றுபோல் இல்லை. எத்தனை நாளாக இதைத்தான் தேடினேன் என்று நினைத்தாள்.

பிறகு பெல்ட்டை விரித்தாள். பழக்கதோஷத்தில் துளைகளை எண்ணினாள். எந்தப் பெல்ட்டுக்கும் ஐந்து. அவள் கணினியில் வரைந்த ஆயிரம் பெல்ட்டுகளுக்கும் ஐந்துதான்.

ஏழு இருந்தன.

கூடுதலான இரண்டும் பக்கிள் இருக்கும் பக்கமாக, அதே இடைவெளியில், பிசிறில்லாமல் வெட்டப்பட்டிருந்தன. ஆணியால் குத்தினால் இப்படி வராது. லென்ஸை இன்னும் நெருக்கி, திரையில் பெரிதாக்கினாள். துளையின் உள்சுவரிலும் சாயம் பூசியிருந்தது. காப்பிக்கொட்டை நிறம். துளைக்குள் சாயம் பூசுகிற பொறுமை இந்தப் பட்டறையில் ஒரே ஒருத்திக்குத்தான் உண்டு.

ஆறாவது துளை நுனிப்பக்கமாக இழுபட்டு முட்டை வடிவமாகியிருந்தது. அதன் அருகே பக்கிள் அழுத்திய மடிப்பு ஆழமாக, பளபளப்பேறிக் கிடந்தது. ஒரு மாதத்தில் வருகிற மடிப்பில்லை. ஏழாவதன் அருகே மெல்லிய கோடு மட்டும். அவன் நோயைப் பற்றி அவளிடம் சொன்னது ஆஸ்பத்திரியில் படுத்த அன்றுதான். அதற்குப் பிறகு பெல்ட்டே கட்டவில்லை.

அப்படியென்றால் எல்லாம் அதற்கு முன்னால்.

சட்டையை வெளியே விட்டுக்கொள்ள ஆரம்பித்தது நினைவுக்கு வந்தது. "ராத்திரிச் சாப்பாட்டைக் குறைச்சிட்டேன்" என்றான். அதற்கு அவள் சொன்னதும் நினைவுக்கு வந்தது. "பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கீங்க, இப்படியே இருங்க." சிரித்துக்கொண்டே சொன்னாள். தலைவாரிக்கொண்டிருந்தவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாள்.

நாத்தனார் வாசலில் நின்றாள். திரையில் துளை ஒரு கிணறுபோல் பெரிதாகத் தெரிந்தது. ஒருவரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எப்போ?" என்றாள் அவள்.

"மொதல் ஓட்டை போன வருஷம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல அண்ணன் கீழ வந்தான். ஒண்ணு போட்டுக் குடுன்னான். ஏண்ணா இப்படி இளைச்சேன்னு கேட்டேன், சொல்லிட்டான். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு தலைல அடிச்சு சத்தியம் வாங்கினான்."

"உள்ளே எதுக்கு சாயம் பூசினே?"

நாத்தனாரின் குரல் இறங்கியது. "புதுசா வெட்டின ஓட்டைன்னா உள்ளே வெளுப்பா தெரியும். அண்ணி கண்ணுக்குத் தப்பாது, அவ வேலையே அதுதானேன்னான். அதான் ரெண்டு தடவை பூசினேன்."

"நல்லா பூசியிருக்கே."

அதில் குத்தல் இருந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. தன்னைவிட முன்னால் அழத் தொடங்கியவள் இவள் என்று தோன்றியது. எதிரில் சிரித்துக் கிண்டலடித்துக்கொண்டே, மாதக்கணக்கில் தனியாக அழுதிருக்கிறாள். அவள்மேல் கோபப்படப் பார்த்தாள். கோபம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. அந்த மாதங்கள் தனக்குச் சேர வேண்டியவை.

"நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரு," என்றாள்.

படத்தில் ஐந்து துளைகள்தான் இருக்க வேண்டும். திரையில் அருகிலிருந்த தோலை நகலெடுத்து ஏழாவது துளையை மூடினாள். தடம் தெரியாமல் மூடிக்கொண்டது. ஆறாவதையும் மூடினாள். மடிப்பு மட்டும் போகவில்லை. அழிக்க அழிக்க அந்த இடம் செத்த தோலாகத் தெரிந்தது. அப்படியே விட்டு, பக்கிளில் ஜன்னலையும் வரவைத்து, அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் பதில் வந்தது. ஆர்டர் உறுதி. "குறிப்பாக அந்த மடிப்பு. நிஜமாகவே யாரோ கட்டியிருந்த மாதிரி இருக்கிறது."

நாத்தனார் அதைப் படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் எழுந்தாள். மேசைமேல் கிடந்த பெல்ட்டை எடுத்துத் தன் இடுப்பில் சுற்றினாள். ஐந்தாவது துளையில் எளிதாக மாட்டியது. ஆறாவதற்கு இழுக்க வேண்டியிருந்தது.

"அண்ணி, வேண்டாம்."

வயிற்றை எக்கினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். பக்கிளின் முள் ஏழாவது துளைக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. அதற்குமேல் அவளால் முடியவில்லை.